பெரியப்பாவுக்கு ‘டியர்’ போடலாமா?

என் தங்கை மகனுக்கு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகுதான் பட்டச் சான்றிதழில் தன் பெயர் ஓரெழுத்து பிசகி அச்சாகியிருப்பதைக் கவனித்தான். பதறிப்போய் ஒரே இரவில் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினான். ஒன்று, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. இன்னொன்று, ஊரில் இருக்கும் அவன் பெரியப்பாவுக்கு. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இவனுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் அவர் பீரோவில்தான் இருக்கிறது. மூன்றாவது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கும் கல்லூரி நண்பனுக்கு.

நண்பன் பத்து நிமிடத்தில் பதில் போட்டான். அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. பெரியப்பா மூன்று நாள் கழித்து என் தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “பையன் ஏதோ ஆபீஸ் ஓலை அனுப்பியிருக்கான், எனக்குத்தானா அது?” என்று மட்டும் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது.

தங்கை மூன்றையும் எனக்கு அனுப்பிவைத்தாள். அரசு அலுவலகத்தில் 28 ஆண்டுகள் கடித வரைவு எழுதியவள் நான் என்பதால் குடும்பத்தில் இதெல்லாம் என்னிடம் வந்துவிடும். திறந்து பார்த்தேன். அலுவலருக்கு ‘ஹாய் சார்’ என்று தொடங்கியிருந்தான். பெரியப்பாவுக்கு ‘டியர் பெரியப்பா’. அதற்குக் கீழே தமிழில், ‘மாற்றுச் சான்றிதழை ஸ்கேன் செய்து உடனடியாக அனுப்பவும்’. மூன்றின் அடியிலும் ஒரே மாதிரி ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’, கீழே கைப்பேசி எண். அந்த அடிப்பகுதி தானாகவே வந்து ஒட்டிக்கொள்வது.

“பெரியம்மா, டியர்னா அன்புள்ளதானே? அதைத்தானே போட்டிருக்கேன்?” என்றான். நியாயமான கேள்வி. பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

ஆங்கிலக் கடிதத்தில் ‘டியர்’ என்ற சொல்லிலிருந்து அன்பு எப்போதோ வடிந்துவிட்டது. முகம் தெரியாத வங்கி மேலாளருக்கும், கடன் பாக்கி கேட்டு எழுதும் நிறுவனத்துக்கும் அதைத்தான் போடுகிறார்கள். கடிதம் தொடங்குகிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். தமிழில் ‘அன்புள்ள’ இன்னும் அன்பைத்தான் சொல்கிறது. அதனால்தான் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதும்போது ‘அன்புள்ள ஆட்சியருக்கு’ என்று எழுதக் கை வராது. பெரியப்பாவுக்கு எழுத வரும். ‘டியர்’ தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போதோ அது வேறு ஒன்றாகிவிடுகிறது. கணவன் மனைவி, காதலர், சம வயதுத் தோழிகள் கூப்பிட்டுக்கொள்ளும் சொல்லாக நம் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் மொத்தக் கடிதமும் இருந்தால் பெரியவருக்கு ‘டியர்’ உறுத்தாது. தமிழ்க் கடிதத்தின் தலையில் அது தனியாக உட்கார்ந்தால் உறுத்தும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று நம் ஊரில் பரவலாக எழுதுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ‘டியர்’ போட மனம் ஒப்பாமல் ‘மதிப்பிற்குரிய’ என்பதை ஆங்கிலத்தில் தேடியவர்கள் கண்டுகொண்ட வழி அது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உள்ளவருக்கு எழுதும்போது அது விநோதமாகத் தெரியும். நம் ஊர் அலுவலகத்தில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆங்கிலத்தில் தொடக்க வரி எப்போதும் ஒருவரைக் கூப்பிடுவதுதான். தமிழில் இரண்டு வழி இருக்கிறது. ‘தம்பி!’ என்று விளித்துக் கூப்பிடலாம். ‘தம்பிக்கு’ என்று எழுதி, கடிதத்தை அவன் கையில் கொடுப்பதுபோலவும் தொடங்கலாம். மு. வரதராசன் எழுதிய கடித நூல்களின் பெயர்களையே பாருங்கள்: அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு. நான்குமே ‘கு’வில் முடிகின்றன. முரசொலியில் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய கடிதங்களோ ‘உடன்பிறப்பே’ என்று கூப்பிடும். கூட்டத்தைக் கூப்பிட விளி பொருந்தும். வீட்டுப் பெரியவருக்கு ‘கு’ போட்டுத் தொடங்குவதில் ஒரு பணிவு இருக்கிறது: ‘அன்புள்ள பெரியப்பாவுக்கு’. அடுத்த சொல்லாக ‘வணக்கம்’ வந்தால் போதும். ‘காலை வணக்கம்’ வேண்டியதில்லை. ‘குட் மார்னிங்’கைப் பார்த்து உண்டான சொல் அது. நீங்கள் காலையில் எழுதியதை அவர் இரவு திறக்கலாம். வணக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது.

தமிழில் கடிதம் எழுதுகிறவர் அறிய வேண்டிய முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. ஆங்கிலத்தில் வணக்கச் சொல்லை மாற்றினால் கீழே இருக்கும் வாக்கியங்கள் மாற வேண்டியதில்லை. யாராக இருந்தாலும் ‘யூ’தான். தமிழில் முதல் வரி எழுதிய கணமே கடிதம் முழுவதற்கும் ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். எதிரில் இருப்பவர் நீயா, நீங்களா, தாங்களா? வினைச்சொல்லின் வால் அதற்கேற்ப மாறியே ஆக வேண்டும்.

பெரியப்பாவைப் புண்படுத்தியது ‘டியர்’ கூட அல்ல. ‘அனுப்பவும்’ என்ற சொல்தான். ‘அனுப்பவும்’, ‘தெரிவிக்கவும்’, ‘நேரில் வரவும்’ எல்லாம் அறிவிப்புப் பலகையிலும் சுற்றறிக்கையிலும் வாழும் சொற்கள். இன்னார் இன்னாரிடம் சொல்கிறார் என்ற உறவே அவற்றில் இல்லை. ‘பிளீஸ் செண்ட்’ என்பதை மனதில் வைத்துத் தமிழாக்கும்போது கை தானாக அங்கே போய் நிற்கிறது. ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் அந்த விறைப்பு போவதில்லை. வீட்டில் பெரியவரிடம் நாம் எப்படிக் கேட்போம்? ‘அனுப்ப முடியுமா பெரியப்பா?’ என்போம். ‘அனுப்பினீங்கன்னா நல்லாயிருக்கும்’ என்போம். எழுத்திலும் அதையே கொஞ்சம் திருத்தமாகச் சொன்னால் போதும். பெரியப்பாவுக்கு ‘தாங்கள்’ போட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பேசும்போது ‘நீங்கள்’ என்பவரை எழுத்தில் ‘தாங்கள்’ என்றால் தள்ளி நிற்பதுபோல் ஆகிவிடும் என்பது என் எண்ணம். மாமனாருக்கும் சம்பந்திக்கும் ‘தாங்கள்’ எழுதும் வீடுகளும் உண்டு. வீட்டு வழக்கம் எதுவோ அதுவே சரி. ஒரே கடிதத்தில் ‘தாங்கள்’ என்று தொடங்கி ‘உங்கள்’ என்று வழுக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். அனுப்புவதற்கு முன் வினைமுற்றுகளை மட்டும் ஒருமுறை வாசித்தால் இது கண்ணில் பட்டுவிடும்.

முடிவு வரியில் வேறொரு கண்ணி இருக்கிறது. ‘பெஸ்ட் விஷஸ்’ என்று ஆங்கிலத்தில் யார் யாருக்கும் எழுதலாம். அதையே ‘வாழ்த்துகளுடன்’ என்று தமிழாக்கி எழுபது வயதுக்காரருக்கு அனுப்பினால், வயதில் சிறியவர் பெரியவரை வாழ்த்துகிறார் என்று ஆகிறது. நம் மேடைகளில் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று பேசுவது வெறும் அலங்காரம் அல்ல. வாழ்த்தும் ஆசியும் மேலிருந்து கீழே இறங்குபவை, வணக்கம் கீழிருந்து மேலே போவது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பழைய குடும்பக் கடிதங்களில் இந்தத் திசை இன்னும் தெளிவு. இளையவனுக்கு எழுதும்போது ‘சிரஞ்சீவி’, மணமான பெண்ணுக்கு ‘சௌபாக்கியவதி’, அடுத்து ‘ஆசீர்வாதம்’. மூத்தவருக்கு எழுதினால் ‘அநேக நமஸ்காரம்’. முதல் வரியைப் பார்த்தே யார் மூத்தவர் என்று தபால்காரர்கூடச் சொல்லிவிடலாம். பின்னால் ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்தது, ‘ஸ்ரீமான்’ போய் ‘திரு’ வந்தது. சொற்கள் மாறினாலும் திசை அப்படியே இருக்கிறது. எனவே பெரியவருக்கு ‘வணக்கத்துடன்’, ‘அன்புடன்’, ‘பணிவன்புடன்’ எதுவும் பொருந்தும். ‘வாழ்த்துகளுடன்’ மட்டும் வேண்டாம்.

தானாக ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தபோது எனக்கு வந்த இரங்கல் மின்னஞ்சல் ஒன்றின் அடியில் ‘மகிழ்ச்சியுடன்’ என்று இருந்தது. எழுதியவர் நல்லவர், அதைக் கவனிக்கவே இல்லை. துக்கச் செய்தி தாங்கிய கடிதத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ எழுத மாட்டார்கள். மேலே பிள்ளையார் சுழியும் போட மாட்டார்கள். கையால் எழுதும் காலத்தில் அந்தக் கவனம் இயல்பாகவே இருந்தது. இயந்திரம் ஒட்டும் வரியில் பெயரும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். உணர்ச்சிச் சொல்லை ஒவ்வொரு முறையும் கையால் தட்டிக்கொள்வதே நல்லது.

இத்தனையும் பேசிய பிறகு அவனே உட்கார்ந்து பெரியப்பாவுக்கு மறுபடி எழுதினான்.

‘அன்புள்ள பெரியப்பாவுக்கு, வணக்கம். பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? என் பட்டச் சான்றிதழில் பெயர் தவறாக அச்சாகிவிட்டது. திருத்தி வாங்க என் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகல் தேவைப்படுகிறது. அது உங்கள் பீரோவில் இருப்பதாக அம்மா சொன்னார். வரும் வெள்ளிக்குள் அதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எடுப்பது சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அன்புடன், உங்கள்…’ என்று முடித்துத் தன் வீட்டுப் பெயரைப் போட்டான்.

அலுவலகக் கடிதத்துக்கு வருவோம். அங்கே எதிரில் இருப்பது ஆள் அல்ல, பதவி. இன்று இருக்கும் அலுவலர் நாளை மாறலாம். ஆகவே பெயரை விட்டுப் பதவிக்கு எழுதி, ‘ஐயா’ என்று ஒற்றைச் சொல்லில் தொடங்கினாலே போதும். பெண் அலுவலர் என்று தெரிந்தால் ‘அம்மையீர்’. ‘அம்மையார்’ என்பதன் விளி வடிவம் இது. ‘ஆர்’ விளிக்கும்போது ‘ஈர்’ ஆகும். அதனால் ‘அம்மையீர் அவர்களுக்கு’ என்று எழுதுவது பிழை. ஒன்று ‘அம்மையீர்’ என்று கூப்பிட வேண்டும், அல்லது ‘அம்மையார் அவர்களுக்கு’ என்று கொடுக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் ‘ஐயா / அம்மையீர்’ என்று சாய்கோடு போடுவது வழக்கம். ‘அன்புடையீர்’ இருவருக்கும் பொதுவானது. ஆனால் அது அழைப்பிதழ் வாசனை கொண்டது. விண்ணப்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டங்களை அடுக்குவதும் வேண்டாத வேலை. ‘உயர்திரு மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்திற்கு’ என்று எழுதுவதால் கோப்பு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. ‘மாண்புமிகு’ அமைச்சருக்கு உரியது. வட்டாட்சியருக்குப் போட்டால் அவரே நெளிவார். முனைவர் பட்டம் பெற்றவருக்கு ‘முனைவர்’ போட்டால் ‘திரு’ வேண்டாம். பெண்ணின் பெயர் தெரியும், மணமானவரா என்று தெரியாது என்றால் திருமதியா செல்வியா என்று குழம்ப வேண்டாம். பெயருக்குப் பின் ‘அவர்களுக்கு’ என்று எழுதினால் மரியாதை முழுமையாக வந்துவிடுகிறது.

முடிவில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யின் நிழல் அது. இருக்கட்டும், யாருக்கும் உறுத்தவில்லை. நன்றி, இப்படிக்கு, பணிவுடன், தங்கள் உண்மையுள்ள என்று நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காமல், ஒன்றோடு நிறுத்தினால் நல்லது. ஒரு சிறு எழுத்துப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது: பெறுநர், அனுப்புநர் என்பதே சரி, ஓட்டுநர், இயக்குநர் போலவே இங்கும் ‘நர்’தான்.

ஆங்கிலத்தில் எழுதினால் கணக்கு வேறு. அங்கே தொடக்கமும் முடிவும் ஒரு சோடி. ‘சார்’ அல்லது ‘டியர் சார்’ என்று பெயரில்லாமல் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடிக்க வேண்டும். பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இது பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் ‘சின்சியர்லி’யோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள். நம் மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டிலும் இந்தச் சோடி உண்டு. சாதாரண அலுவலகக் கடிதம் ‘சார்’ அல்லது ‘மேடம்’ என்று தொடங்கி ‘ஃபெய்த்ஃபுல்லி’யில் முடியும். ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரியின் தனிக் கவனத்தைக் கோரிப் பெயர் சொல்லி எழுதும் டி.ஓ. கடிதம் ‘சின்சியர்லி’யில் முடியும். அலுவலகக் குறிப்பாணைக்கோ வணக்கமும் கிடையாது, முடிவு வரியும் கிடையாது. முழுக்கப் படர்க்கையிலேயே இருக்கும். அப்படி ஒன்று உங்களுக்கு வந்தால் அலுவலர் கோபமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அந்தக் கடித வகையே அப்படி.

பெயர் சொல்லி எழுதும்போது தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல் வருகிறது. ஆங்கில வழக்கத்தில் ‘மிஸ்டர்’ என்பதற்குப் பின் குடும்பப் பெயர் வரும். நமக்கு அது பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரைத்தான் முன்னெழுத்தாகப் போடுகிறோம். எஸ். முருகன் என்பவர் படிவத்தில் முருகன் செல்வராஜ் என்று ஆகியிருப்பார். அதைப் பார்த்து ‘டியர் மிஸ்டர் செல்வராஜ்’ என்று எழுதினால் அவர் அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். நம்மவருக்கு எழுதும்போது ‘மிஸ்டர் முருகன்’தான் சரி.

தங்கை மகன் கடைசியில் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதினான். பொருள் வரியில் ‘பட்டச் சான்றிதழில் பெயர்த் திருத்தம் கோருதல்’ என்று எழுதிப் பதிவெண்ணையும் சேர்த்தான். பொருள் வரியில் எண் இருந்தால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று திறக்காமலே தெரியும். ‘ஐயா’ என்று தொடங்கி, அச்சான பெயர், இருக்க வேண்டிய பெயர், இணைத்துள்ள சான்று என்று மூன்று வாக்கியம். ‘சான்றிதழைத் திருத்தி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். ‘இப்படிக்கு’ என்று போட்டு முழுப் பெயர், முகவரி, எண். எட்டாம் நாள் பதில் வந்தது; என்ன கட்டணம், எந்தப் படிவம் என்ற விவரத்துடன். முதல் மின்னஞ்சலில் பதிவெண்ணே இல்லை என்பதும் பதில் வராததற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ‘ஹாய்’ மீது மட்டும் நான் பழி போட மாட்டேன்.

பதிலுக்குப் பதில் எழுதும்போது என்ன செய்வது? ஆங்கிலத்தில் எதிராளி எப்படிக் கையெழுத்திட்டாரோ அப்படியே கூப்பிடலாம். வெளிநாட்டுப் பேராசிரியர் ‘டாம்’ என்று முடித்திருந்தால் அடுத்த முறை ‘டியர் டாம்’ என்று எழுதலாம். அவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். தமிழில் இந்தக் கண்ணாடி வேலை செய்யாது. நம் பேராசிரியர் பெயரை மட்டும் போட்டு முடித்தாலும் நமக்கு அவர் ‘ஐயா’தான். வணக்கத்தைச் சுருக்கலாம், ஒரே நாளில் நான்காவது பதிலில் விட்டேவிடலாம். மரியாதையின் படியை மட்டும் இறக்கக் கூடாது. இறக்கும் உரிமை மூத்தவருக்கு உரியது.

நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் நான் கை வைக்கவில்லை. ‘மச்சி’ என்று தொடங்கியிருந்தது. அந்தத் ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். நண்பர்களுக்குள் வணக்கமே இல்லாமல் விஷயத்தில் இறங்குவதுதான் நெருக்கம். திடீரென்று ‘அன்புள்ள நண்பருக்கு’ என்று ஒருவன் எழுதினால், என்ன கோபம் என்று மற்றவன் கேட்பான்.

பெரியப்பாவின் பதில் மறுநாளே வந்தது. பழுப்பேறிய மாற்றுச் சான்றிதழின் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து இணைத்திருந்தார். மேலே ‘சிரஞ்சீவிக்கு, ஆசிகள். பெரியம்மா இப்போது நடக்கிறாள்’ என்று இருந்தது. கீழே ‘ஆசிகளுடன், பெரியப்பா’. பையன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, “இதுக்கு என்ன பதில் போடறது பெரியம்மா?” என்றான். நான் சொல்வதற்குள் அவனே ‘வணக்கம் பெரியப்பா’ என்று தட்டத் தொடங்கியிருந்தான்.